தெளிவில்லாத பதிலும் பதில்தான்

இரண்டு ஆண்டுகளாகக் காதலிக்கும் ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். பெண் வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். "உங்க வீட்ல எப்ப பேசப் போற?" என்று தை மாதத்தில் கேட்கிறாள். "அக்கா கல்யாணம் முடியட்டும்" என்கிறான். கல்யாணம் முடிகிறது. "ஆபீஸ்ல அப்ரைசல் நேரம், அது முடியட்டும்" என்கிறான். அதுவும் முடிகிறது. ஆடி பிறந்ததும், "அப்பா மனநிலை சரியில்ல, பார்க்கலாம்" என்கிறான். நடுநடுவே நாலைந்து நாள் போனை எடுப்பதில்லை. பிறகு ஓர் இரவு அழைத்து, நீ இல்லாமல் நான் இல்லை என்று உருகுகிறான். மறுநாள் அவள் பழைய மெசேஜ்களை எல்லாம் தோழிக்கு அனுப்பி, இதற்கு என்ன அர்த்தம், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவளை அசடு என்று சொல்லிவிட முடியாது. மனித மனம் இப்படித்தான் வேலை செய்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இல் வெளியிட்ட நூலில், புறாக்களையும் எலிகளையும் வைத்துச் செய்த சோதனைகளை விவரிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்துப் பழகிய உயிர், தீனி நின்றதும் சீக்கிரமே முயற்சியைக் கைவிட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல், எப்போதாவது கிடைத்துப் பழகியதோ, தீனி நின்ற பிறகும் வெகுநேரம் முயன்றுகொண்டே இருக்கும். நாலு நாள் மௌனத்துக்குப் பின் வரும் அந்த ஓர் அழைப்பு, எப்போதாவது கிடைக்கும் தீனி.

2011-இல் வெர்ஜீனியா பல்கலைக்கழக மாணவிகளிடம் நடந்த ஆய்வு இன்னும் நேரடியானது. வேறு கல்லூரி மாணவர்கள் சிலர் உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று மாணவிகளிடம் சொன்னார்கள். ஒரு பிரிவினரிடம் 'உங்களை மிகவும் பிடித்தவர்கள் இவர்கள்' என்றும், இன்னொரு பிரிவினரிடம் 'ஓரளவு பிடித்தவர்கள்' என்றும், மூன்றாம் பிரிவினரிடம் 'இரண்டில் எது என்று சொல்ல முடியாது' என்றும் கூறினார்கள். அதிக ஈர்ப்பு ஏற்பட்டது மூன்றாம் பிரிவினருக்குத்தான். அந்த ஆண்களைப் பற்றி அடிக்கடி நினைத்ததாகச் சொன்னவர்களும் அவர்களே. ஒருவரைப் பற்றி ஓயாமல் நினைப்பதைக் காதலின் ஆழம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பாதி நேரம் அது, பதில் தெரியாத தவிப்பு மட்டுமே.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. 'அவன் ஏன் இப்படி நடக்கிறான்?' என்பது ஒன்று. 'அவன் வீட்டில் பேசுவானா?' என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு அப்பாவிடம் பயம், சாதி, தங்கைகளின் திருமணம் என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். எல்லாமே உண்மையாகவும் இருக்கலாம். அவனுடைய அன்பும் உண்மையாக இருக்கலாம். ஆனால் எந்தக் காரணம் சரியென்றாலும் இரண்டாவது கேள்விக்கான பதில் மாறப்போவதில்லை. ஏழு மாதமாக அவன் பேசவில்லை. அவள் தன் வீட்டில் என்ன சொல்வது என்று முடிவெடுக்க வேண்டியது இந்த இரண்டாவது பதிலை வைத்துத்தான்.

அதற்கு முன் ஒருமுறை நேராகக் கேட்டுவிடுவது நியாயம். மெசேஜில் வேண்டாம், எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்றுதான் வரும். "ஆவணி முடியறதுக்குள்ள உங்க அம்மாகிட்டயாவது சொல்வியா?" என்று கேட்டால், செய்தானா இல்லையா என்று பின்னால் சரிபார்க்க முடியும். ஆவணி போய், புதிய காரணமும் வந்தால் அலசலை நிறுத்திவிடலாம். தோழியுடன் பேசிய கடைசிச் சில பேச்சுகளில் புதுத் தகவல் ஏதாவது இருந்ததா என்றும் பார்க்கலாம். பழைய மெசேஜ்களுக்குப் புது விளக்கம் மட்டுமே கிடைத்திருந்தால், இனி தெரிந்துகொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாத இடமும் உண்டு. ஒரு வார மௌனம், ஒரு மாதத் தடுமாற்றம் இவையெல்லாம் பதில் ஆகாது. மனச்சோர்வில் இருப்பவர், வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர், வேலை போனவர் ஆகியோரும் விலகித்தான் போவார்கள். உண்மையில் நெருக்கடியில் இருப்பவர் பெரும்பாலும், "இப்ப முடியல, அடுத்த மாசம் பேசலாம்" என்று தானே சொல்வார். அடுத்த மாதம் அவரே பேச்சை எடுப்பார். மனச்சோர்வு கடுமையாக இருந்தால் அதற்கும் முடியாமல் போகலாம். அப்போது மருத்துவ உதவிக்கு வழிசெய்வதுதான் முதல் வேலை. நம் கதையில் ஒவ்வொரு முறையும் பேச்சை எடுத்தது அவள்தான்.

இப்படிக் காத்திருக்கும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஏன்" என்பதற்கு விளக்கம் கிடைத்த பிறகுதான் விலகுவேன் என்று இருந்துவிடாதீர்கள். பல நேரங்களில் அந்த விளக்கம் எதிரில் இருப்பவருக்கே தெரியாது. அது இல்லாமலே உங்கள் முடிவை நீங்கள் எடுக்கலாம்.