காய்ச்சல் இறங்குகிறது, நாடியும் குறைகிறது: நிம்மதியா, எச்சரிக்கையா?

டெங்கு வார்டில் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு டாக்டர்?" என்பதுதான். ஆனால் அனுபவமுள்ள மருத்துவர் கட்டிலருகே வந்ததும் நோயாளியின் கையைத் தொட்டுப் பார்ப்பார், நாடியை எண்ணுவார், பிரஷரின் இரண்டு எண்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பார். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவு அல்ல. இரத்த ஓட்டம் சரிவதுதான்.

பிரஷரின் இடைவெளி

டெங்குவின் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வருகிறது. அப்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி நுண்குழாய்களின் சுவர் வழியாக வெளியே கசிந்து வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. இந்தக் கசிவு ஒன்றிரண்டு நாள் நீடிக்கும்.

குழாய்க்குள் நீர் குறைந்ததும் உடல் இரத்தக்குழாய்களை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்கிறது. அதனால் பிரஷரின் மேல் எண் உடனே விழாது, கீழ் எண் ஏறும். வழக்கமாக 120/80 இருப்பவருக்கு 100/84 என்று காட்டினால், "நூறு இருக்கிறதே, பரவாயில்லை" என்று தோன்றும். ஆனால் இடைவெளி 40-இலிருந்து 16-ஆகச் சுருங்கிவிட்டது. அது 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அதிர்ச்சி நிலை தொடங்கிவிட்டது என்று பொருள். நோயாளி அப்போதும் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

ஒரே நாடி, இரண்டு நோயாளிகள்

அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு இளைஞர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது, இருவருக்கும் நாடி நிமிடத்துக்கு 54.

முதலாமவருக்கு அது எட்டாம் நாள். பிரஷர் 110/70, கை வெதுவெதுப்பு, நன்றாகச் சிறுநீர் போகிறது, இட்லி கேட்கிறார். டெங்குவிலிருந்து மீளும்போது இதயத் துடிப்பு இப்படிச் சில நாள் குறைவது சகஜம். ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, துடிப்பின் ஒழுங்கு சரியாக இருந்தால் மருந்து வேண்டியதில்லை.

இரண்டாமவருக்கு ஐந்தாம் நாள். பிரஷர் 96/80, விரல் நுனி சில்லென்றிருக்கிறது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. நீர் குறைந்த உடலில் இதயம் 120-க்கு மேல் ஓடி ஈடுகட்ட வேண்டும். இங்கோ 54-இல் நிற்கிறது. தேவை ஏறியும் இதயம் வேகமெடுக்கவில்லை என்றால் இதயத்தையே சந்தேகிக்க வேண்டும். இதயத்தசையில் அழற்சி, அதாவது மயோகார்டைடிஸ், வந்திருக்கலாம். அல்லது துடிப்பைக் கடத்தும் பாதையில் தடை ஏற்பட்டிருக்கலாம். இ.சி.ஜி., ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனை, எக்கோ மூன்றும் இவருக்கு உடனே தேவை.

சலைன் எவ்வளவு?

காரணத்தைக் கண்டுபிடிக்க இவ்வளவு அவசரம் ஏன்? கசிவால் வரும் அதிர்ச்சிக்கு மருந்து சலைன். இதயம் தளர்ந்தவருக்கு அதே சலைனை அதே வேகத்தில் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். கசிந்த நீர் மீளும் கட்டத்தில் தானாகவே குழாய்களுக்குள் திரும்பி வருவதால் சுமை இன்னும் கூடும். ஆகவே சலைனை அளந்து கொடுத்து, பிரஷர், நாடி, சிறுநீர், இரத்த அடர்த்தியைக் காட்டும் பி.சி.வி. ஆகியவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்து வேகத்தை மாற்றுகிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி சிறுநீராவது வர வேண்டும். இரவு இரண்டு மணிக்குச் செவிலியர் வந்து எழுப்பிப் பிரஷர் பார்ப்பது இதற்காகத்தான். எரிச்சல்பட வேண்டாம்.

டைபாய்டில் வேறு கதை

பொதுவாகக் காய்ச்சல் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால் நாடி சுமார் 10 கூடும். டைபாய்டில் சிலருக்கு 103 டிகிரியிலும் நாடி 80-ஐத் தாண்டாது. அது நோயின் இயல்பு, அதை மட்டும் வைத்து இதயம் கெட்டுவிட்டதென்று முடிவு கட்டக்கூடாது. ஆனால் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் காய்ச்சல் சட்டென்று விழுந்து, நாடி ஏறி, பிரஷர் இறங்கினால் குடலில் இரத்தக்கசிவோ ஓட்டையோ இருக்கலாம். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, ஒழுங்கற்ற துடிப்பு இருந்தால் இங்கும் மயோகார்டைடிஸைத் தேட வேண்டும். இன்னொன்று: டைபாய்டுக்குத் தரப்படும் அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளோக்சசின், வாந்திக்கான ஆன்டான்செட்ரான் ஆகியவை சிலருக்கு இதயத்தின் மின் ஓட்டத்தைப் பாதிக்கக்கூடியவை. நாடி மெதுவாக இருப்பவருக்கு இவற்றைச் சேர்த்துக் கொடுக்கும்முன் இ.சி.ஜி. பார்ப்பது நல்லது.

வீட்டில் கவனிக்க

காய்ச்சல் விட்ட பிறகு ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, சில்லிட்ட கைகால், எழுந்து நின்றால் மயக்கம், அசாதாரணத் தூக்கம் அல்லது பதற்றம், நான்கைந்து மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்வரை பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எதுவும் கூடாது.

மயோகார்டைடிஸ் உறுதியானவர்கள் வீடு திரும்பிய பின் 3 முதல் 6 மாதம் வரை ஓட்டம், ஜிம், கடின விளையாட்டைத் தள்ளிவைத்து, இ.சி.ஜி.யும் எக்கோவும் திரும்ப எடுத்து இதய மருத்துவர் சம்மதித்த பிறகே மைதானத்துக்குப் போக வேண்டும்.