சரக்குத்தூளும் ஒரு சிறு கணக்கும்

பிள்ளை பெற்ற வீட்டிலே பத்தியக் கறிக்குச் சரக்கு அரைப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். அம்மியை இன்று பலர் தொடுவதில்லை. ஆகவே கைப்பக்குவம் அறிந்த முதிய பெண்களிடம் தூளாகக் கேட்டு வாங்குகின்றனர். கணவரை இழந்த எம் அயலவர் ஒருவர், தமது அறுபத்திரண்டாம் வயதில் இதனையே தொழிலாகக் கொண்டார்.

வீட்டுக்கு வீடு அளவு வேறுபடும். அவர் எடுப்பது மல்லி 500 கிராம், மிளகும் நற்சீரகமும் நூறு நூறு கிராம், மஞ்சளும் வேர்க்கொம்பும் ஐம்பது ஐம்பது கிராம், மொத்தம் 800. மிளகாய் சேர்வதில்லை. உள்ளியைக் கறி வைக்கும்போது சேர்த்துக்கொள்வர்.

முதன்முறை சரக்குக்கும் அரைகூலிக்கும் பைகளுக்குமாக 1,600 ரூபா செலவாயிற்று. நூறு கிராம் பைக்கற்று எட்டு வருமென எண்ணி, ஒன்று 225 ரூபாவுக்குப் பேசிவிட்டார். இருநூறு ரூபா மிஞ்ச வேண்டும். கட்டி முடித்தபோது இருந்தவை ஏழே.

"தம்பி, ஒரு பைக்கற்றுத் தூள் எங்கே போட்டுது?" என்று எம்மிடம் வந்தார்.

மறுமுறை ஒவ்வொரு படியிலும் நிறுத்துப் பார்த்தோம். காம்பும் கல்லுமாகத் தெள்ளி நீக்கியது 20 கிராம். வெயிலிலும் வறுசட்டியிலும் வற்றிய ஈரம் 30. அரிதட்டில் தங்கிய கப்பி 20. (கப்பி வீணன்று, வீட்டு இரசத்துக்கு உதவும்.) எஞ்சிய 30 கிராம் ஆலையோடு போனது. எட்டில் ஒரு பங்கு இவ்வாறு மறைந்தது. ஏழு பைக்கற்றுக்குக் கிடைத்தது 1,575 ரூபா. அதாவது 25 ரூபா நட்டம். அவருடைய இரண்டு நாள் உழைப்புக்கு ஒரு சதமும் இல்லை. இப்போது அவர் செலவை ஏழால் வகுத்து, அதன்மேல் தமது கூலியை வைத்தே விலை சொல்கிறார்.

ஆலையில் போனதைக் குறைக்கப் பார்ப்பது தவறு. நமக்கு முன் ஒருவர் மிளகாய் அரைத்திருந்தால், அதன் காரம் பத்தியத் தூளில் ஏறிவிடும். ஆகையால் ஒரு பிடி மல்லியை முதலில் அரைப்பித்து, அதனைப் புறம்பாக எடுத்துவிட வேண்டும். வாங்கிய தாய் ஒருத்தி உறைக்கிறதென்று சொன்னால், அந்தத் தெருவே திரும்பி வராது.

மற்றோர் இடர், சூடாறுமுன் கட்டுவது. ஆலையிலிருந்து வருந்தூள் வெப்பமாயிருக்கும். உடனே பையிலிட்டால் உள்ளே வியர்த்துக் கட்டிபடும். வெள்ளைத் துணியில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, ஒரு பிடியை இறுகப் பொத்திப் பார்க்க வேண்டும். கை விரித்ததும் உதிர்ந்தால் நன்று. உருண்டையாய் நின்றால் ஈரமுண்டு. பூஞ்சண மணம் வந்ததை மீண்டும் வறுத்து விற்க முயலாது எறிந்துவிடுதலே முறை. மாரியில் வெயில் தவறும் நாள்களில் இவர் கேட்டவர்களுக்கு மட்டும் சிறிதளவு செய்கிறார்.

"வாதம் போக்கும்" என்று பையில் அச்சிடுமாறு கடைக்காரர் ஒருவர் தூண்டினாராம். நாம் தடுத்தோம். சமையற்றூளாக விற்பது வேறு. மருந்தென்று விற்கப் புகுந்தால் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் குறுக்கிடும். பையில் இப்போது சரக்குகளின் பெயரும் நிறையும் அரைத்த திகதியும் மட்டுமே உள்ளன. கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் மாதம் இருபது பைக்கற்று எடுக்கிறார்.