மணிக்கு ஆயிரமா, நூற்றி எழுபத்தாறா?
டிலிவரி ஓட்டத்தின் உண்மைக் கணக்கு

மருதானையில் கடை நடாத்தும் நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு கவலையுடன் எம்மிடம் வந்தார். அவரது கடையில் மாதம் 45,000 ரூபா சம்பளத்தில் வேலை செய்த மருமகன், வேலையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் சாப்பாடு டிலிவரி செய்யப் போகிறாராம். "மாமா, ஒரு ஓடருக்கு 260 ரூபா கிடைக்குது. கால் மணித்தியாலத்துல ஒன்டு முடிஞ்சிடும். மணிக்கு ஆயிரத்துக்கு மேல வரும்" என்பது இளைஞரின் கணக்கு. ஆயிரம் ரூபாவுக்கு முன்னால் கடைச் சம்பளம் எடுபடுமா?

இந்தக் கணக்கில் பெருக்கல் சரி. தவறு நேரத்தில்தான் இருக்கிறது. சாப்பாட்டுப் பொதி கையில் இருக்கும் நேரத்தை மட்டுமே அவர் எண்ணியிருக்கிறார். எனவே, ஒரு கிழமைக்கு ஓடிப் பார்த்து, எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுமாறு சொன்னோம். அந்தக் கொப்பியின் சராசரி நாள் ஒன்றை இங்கே தருகின்றோம்.

தெமட்டகொடையிலுள்ள வீட்டிலிருந்து பம்பலப்பிட்டிக்கு 6 கிலோமீற்றர். காலை 10.30க்கு செயலியைத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறார். அது பதினொன்றரை மணித்தியாலம். போய்வர அரை மணித்தியாலம் சேர்த்தால் 12 மணித்தியாலம். இந்த நேரத்தில் 15 ஓடர்கள். கம்பனியின் கழிவு போகக் கையில் வந்தது 3,900 ரூபா.

ஓர் ஓடரை எடுத்துப் பார்த்தால், ஹோட்டலுக்குப் போக 6 நிமிடம், அங்கே சாப்பாடு தயாராகும் வரை நிற்க 11 நிமிடம், வாடிக்கையாளரிடம் ஓட 11 நிமிடம், வீட்டைத் தேடிக் கொடுத்துவிட்டு வர 4 நிமிடம். மொத்தம் 32 நிமிடம். இளைஞர் எண்ணிய கால் மணித்தியாலம் கடைசி இரண்டு பகுதிகள் மட்டுமே. 15 ஓடருக்கும் 32 நிமிடப்படி 8 மணித்தியாலம் போகின்றது. அப்போதே மணிக்கு 1,040 ரூபா என்பது 487 ரூபாவாகிவிடுகின்றது. எஞ்சிய மூன்றரை மணித்தியாலம் அடுத்த ஓடருக்காக வீதியோரத்தில் காத்திருந்த நேரம். அதையும் வீட்டுப் பயணத்தையும் சேர்த்து 12ஆல் பிரித்தால் 325 ரூபா.

இது இன்னும் வரவுதான், வருமானம் அல்ல. அடுத்து செலவுக்கு வருவோம்.

ஓடர் ஒன்றுக்கு ஹோட்டலுக்கு 2 கிலோமீற்றரும் அங்கிருந்து வாடிக்கையாளருக்கு 4 கிலோமீற்றருமாக 15 ஓடருக்கு 90 கிலோமீற்றர். அத்துடன் வீட்டுப் பயணம் 12, வெறுமனே திரும்பி வந்ததும் இடம் மாறியதும் 28. மீற்றர் காட்டியது 130. லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு, பெற்றோல் 300 ரூபா என்று வைத்தால் 975 ரூபா. எண்ணெய், டயர், செயின், பிரேக், சிறு திருத்த வேலைகளுக்குக் கிலோமீற்றருக்கு மூன்றரை ரூபாவும், வண்டியின் பெறுமதி தேய்வதற்கு 2 ரூபாவும் ஒதுக்கினால் 715 ரூபா. டேட்டா, காப்புறுதி, வருமான வரிப்பத்திரம் ஆகியவற்றின் நாட்பங்கு 100 ரூபா. ஆகமொத்தம் 1,790 ரூபா. லீசிங் வட்டி இருந்தால் அது வேறு.

கையில் மிஞ்சுவது 2,110 ரூபா. அதை 12 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 176 ரூபா.

இப்போது கடைச் சம்பளத்தைப் பாருங்கள். 26 நாள், நாளுக்கு 9 மணித்தியாலம் என்றால் மாதம் 234 மணித்தியாலம். 45,000 ரூபாவை அதனால் பிரித்தால் மணிக்கு 192 ரூபா. முதலாளி செலுத்தும் ஊழியர் சேமலாப நிதி 12 வீதத்தையும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதத்தையும் சேர்த்தால் 221 ரூபா. டிலிவரியில் மாதம் ஏறத்தாழ 55,000 ரூபா மிஞ்சுவது உண்மை. ஆனால் அந்த மேலதிக 10,000 ரூபா, 78 மணித்தியாலம் அதிகமாக வீதியில் நின்றதற்குக் கிடைத்ததாகும். சேமலாப நிதியும் இல்லை.

எந்த மணித்தியாலம் நட்டம்?

சராசரி முழுக்கதையையும் சொல்வதில்லை. 15 ஓடரில் 11 ஓடர், பகல் 11.30 முதல் 2.30 வரையும் மாலை 6.30 முதல் 10 வரையும் வந்தவை. வீட்டுப் பயணத்தையும் அதன் செலவையும் இந்த நேரத்தின் மீதே போட்டாலும், 7 மணித்தியாலத்துக்கு 1,512 ரூபா, அதாவது மணிக்கு 216 ரூபா மிஞ்சுகின்றது. மற்றைய 5 மணித்தியாலத்தில் வந்த 4 ஓடரில் மிஞ்சியது 598 ரூபா. மணிக்கு 120 ரூபாவும் இல்லை. இடையில் வீட்டுக்குப் போய்வந்தால் அந்தச் செலவும் அரை மணித்தியாலமும் சேர்ந்து 216 ரூபா 181 ஆகிவிடும். ஆகவே மந்தமான நேரத்தில் செய்வதற்கு அந்தப் பகுதியிலேயே வேறொரு வேலை இருப்பவருக்குத்தான் இந்தத் தொழில் நன்றாகப் பொருந்தும்.

கணக்கு எழுதுபவர் மூன்று விடயங்களில் கவனமாக இருக்க வேண்டும். முதலாவது, ஓடர்களின் நிமிடங்களைக் கூட்டாமல், வீட்டை விட்டுப் புறப்பட்டது முதல் திரும்பியது வரை கடிகாரத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். இரண்டு ஓடரை ஒன்றாகக் கொண்டு போகும்போதும், இரண்டு செயலிகளைத் திறந்து வைத்திருக்கும்போதும் நேரம் இருமுறை எண்ணப்பட்டுவிடும். இரண்டாவது, தூரத்தைச் செயலியில் அல்ல, வண்டியின் மீற்றரில் பார்க்க வேண்டும். வெறும் ஓட்டம் செயலியில் வராது. மூன்றாவது, ஒரு நாள் கணக்குப் போதாது. மழை நாளும் சனி, ஞாயிறும் சேர்ந்த முழுக் கிழமை ஒன்றாவது வேண்டும்.

காத்திருப்பு நேரத்தை எண்ணுவதா விடுவதா என்பது வெளிநாடுகளில் சட்டப் பிரச்சினையாகவே வந்துள்ளது. கலிபோர்னியாவில் 2020இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டம், குறைந்தபட்ச ஊதியத்தின் 120 வீதத்தை உறுதி செய்தது. ஆனால் ஓடர் கையில் உள்ள நேரத்துக்கு மட்டுமே. நியூயோர்க் நகரம் 2023இல் மணிக்கு 17.96 டொலர் என நிர்ணயித்தபோது காத்திருப்பு நேரத்தையும் கணக்கில் எடுத்தது. தொகை பெரிதா சிறிதா என்பதைவிட, எந்த நேரத்தால் பிரிக்கப்படுகின்றது என்பதே முக்கியம் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

ஹோட்டல் நடாத்தும் வாசகர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. உங்கள் வாசலில் நிற்கும் அந்த 11 நிமிடத்துக்கு எவரும் பணம் கொடுப்பதில்லை. அதை 5 நிமிடமாகக் குறைத்தால் 15 ஓடரில் ஒன்றரை மணித்தியாலம் மீதமாகும். நெரிசல் நேரத்தில் அது இன்னும் இரண்டு ஓடருக்குப் போதும். சொந்தமாக ஆள் வைத்து ஓடருக்கு இவ்வளவு என்று கொடுப்பவர்களும், அவர் கடையில் சும்மா இருக்கும் நேரத்தை யார் பொறுப்பது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. பேசாவிட்டால், கணக்குப் பார்க்கத் தெரிந்த அன்றைக்கே அவர் போய்விடுவார்.

நண்பரின் மருமகன் மீண்டும் கடைக்கு வந்துவிட்டார். மாலை 6 மணிக்குக் கடை வேலை முடிந்ததும், மருதானையிலிருந்தே நேராகப் போய் 10 மணி வரை ஓடுகிறார். கொப்பி இன்னும் அவரது பையில் இருக்கின்றது.