புது மேலாளரின் முதல் மெயில்

2014 பிப்ரவரி 4 அன்று மைக்ரோசாஃப்ட்டின் தலைமைச் செயல் அதிகாரியான சத்ய நாதெள்ளா, அன்றைக்கே ஊழியர்கள் எல்லோருக்கும் மெயில் அனுப்பினார். நான் யார், ஏன் இங்கே இருக்கிறேன், அடுத்து என்ன செய்வோம் என்று நீளும் மெயில் அது. வயது 46, மூன்று குழந்தைகள் என்பதையும் சொல்லியிருந்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு எழுதும்போது அது பொருத்தம். எட்டுப் பேர் உள்ள கணக்குப் பிரிவுக்கு மேலாளராகப் போகிறவர் அதைப் பார்த்து எழுதினால் எடுபடாது.

அந்த எட்டுப் பேருக்குப் புதியவரின் பட்டங்களில் பெரிய அக்கறை இருக்காது. வாங்கிய லீவு நிற்குமா, வேலைப் பங்கீடு மாறுமா, பழைய மேலாளர் வாய்மொழியாகச் சொன்னது செல்லுமா என்பதுதான் மனதில் ஓடும்.

மெயிலுக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதே பதவிக்கு முயன்று கிடைக்காமல் போனவர் அந்தப் பிரிவிலேயே இருக்கலாம். இருக்கிறாரா என்று மேலதிகாரியிடம் கேளுங்கள். இருந்தால், அவரிடம் நேரிலோ போனிலோ முதலில் பேசிவிடுங்கள். மற்றவர்களோடு சேர்த்து அவருக்கும் ஒரு பொது மெயில் போய்ச் சேர்ந்தால், கசப்பு முதல் நாளே தொடங்கிவிடும். நியமனத்தை மேலதிகாரி முறையாக அறிவித்த பிறகே உங்கள் மெயில் போகட்டும்.

மெயில் இப்படி இருக்கலாம்:

"அனைவருக்கும் வணக்கம். திங்கள் முதல் கணக்குப் பிரிவின் மேலாளராகப் பொறுப்பேற்கிறேன். பத்து ஆண்டுகளாகத் தணிக்கைப் பணியில் இருந்தேன். உங்கள் பில்லிங் மென்பொருள் எனக்குப் புதிது. ஏற்கெனவே அனுமதி வாங்கிய லீவு அப்படியே இருக்கும். இந்த மாதக் கணக்கு முடியும்வரை வேலைப் பங்கீட்டை மாற்றமாட்டேன். 8ஆம் தேதிக்கு மேல் ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேச விரும்புகிறேன். நேரத்தை நீங்களே சொல்லுங்கள். அவசரம் என்றால் அதற்கு முன்பே கூப்பிடலாம்."

தனக்குத் தெரியாததை ஒரே வரியில் சொல்லிவிட்டதால், மென்பொருள் தெரிந்தவர் தயங்காமல் பேசுவார். சந்திப்பை 8ஆம் தேதிக்குத் தள்ளியதற்குக் காரணம், மாதக் கடைசியிலும் முதல் வாரத்திலும் கணக்குப் பிரிவில் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. 'எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்' என்று எழுதினால் பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். 'எதுவும் மாறாது' என்றும் எழுதாதீர்கள். அது உங்கள் கையில் மட்டும் இல்லை. எதுவரை மாறாது என்று சொன்னால் போதும். பழைய மேலாளர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் அவரைக் குறைசொல்லி ஒரு வரிகூட வேண்டாம். அவரை விரும்பியவர்களும் அந்த எட்டுப் பேரில் இருப்பார்கள்.

'வெல்கம் சார்', 'வெல்கம் மேடம்' என்று வரும் பதில்கள் எதையும் காட்டுவதில்லை. 'அடுத்த மாதம் லீவு கேட்டிருந்தேன், இன்னும் அனுமதி வரவில்லை' என்று யாராவது தனியாக எழுதினால், மெயில் எடுபட்டிருக்கிறது.