ஒரு நாள் மழையும் முப்பது ஆண்டுக் கணக்கும்

நம் ஊர்களில் மழை அளப்பவர்கள் தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறப்பார்கள். முந்தைய 24 மணி நேரத்தில் அதில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அளவைப் பதிவேட்டில் எழுதி வைப்பார்கள். தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 18-ஆம் தேதி காலை பதிவான அளவு 95 சென்டிமீட்டர். அந்த மாவட்டத்தில் வருடம் முழுக்கச் சேர்ந்தே சராசரியாக 65, 70 சென்டிமீட்டர்தான் பெய்யும். ஒரு வருடத்து மழையை விட அதிகமாக ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டதை நீங்கள் செய்தியில் கேட்டிருப்பீர்கள்.

இப்போது ஒரு கேள்வி. தூத்துக்குடி வறண்ட பகுதியா, மழை மிகுந்த பகுதியா? அந்த நாளுக்குப் பிறகும் அது வறண்ட பகுதிதான். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் பிழைப்பு. அதுதான் அந்த மண்ணின் காலநிலை. குமரிக் கடல் பக்கம் உருவான ஒரு காற்றுச் சுழற்சி அங்கே கொட்டிவிட்டுப் போன அந்த மழை, வானிலை.

வானிலை என்பது இன்றைக்கு, இந்த நேரத்தில் வானம் எப்படி இருக்கிறது என்பது. காலநிலை என்பது அப்படிப்பட்ட நாட்களைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்த்தால் தெரிகிற போக்கு. எத்தனை ஆண்டுகள் என்று கேட்டால், உலக வானிலை அமைப்பு வைத்திருக்கும் கணக்கு 30.

ஏன் 30? சென்னையையே எடுத்துக்கொள்வோம். 2015-இல் ஊரே மூழ்கியது. அடுத்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் பொய்த்தது. வழக்கத்தை விட 62 சதவீதம் குறைவு. 2015-ஐ மட்டும் பார்ப்பவர் இது வெள்ளக்காடு என்பார். 2016-ஐ மட்டும் பார்ப்பவர் இது வறட்சி பூமி என்பார். பசிபிக் கடல் சூடேறும் எல் நினோவும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்து நம் மழையைக் கூட்டிக் குறைத்துவிட்டுப் போகும். முப்பது ஆண்டு எடுத்தால் இந்த ஏற்ற இறக்கங்கள் பல முறை வந்துபோயிருக்கும். எந்த ஓர் ஆண்டும் கணக்கைத் தன் பக்கம் இழுத்துவிட முடியாது.

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வருடத்துக்கு 65 சென்டிமீட்டர் பெய்யும் ஊரில், முப்பதாவது வருடம் மட்டும் 95 சென்டிமீட்டர் கூடுதலாகப் பெய்ததாக வைத்துக்கொள்வோம். அந்த 95-ஐ முப்பதால் வகுத்தால் மூன்று சொச்சம் வரும். ஆக, ஊரையே புரட்டிப்போட்ட மழைக்குப் பிறகும் சராசரி 65-லிருந்து 68-க்குத்தான் நகர்கிறது.

அப்படியானால் சராசரி மட்டும் போதுமா? போதாது என்பதே என் கருத்து. அந்த 68-ஐப் பார்த்துப் பாலம் கட்டினால் அடுத்த பெருமழையில் அடித்துக்கொண்டு போய்விடும். ஓர் ஊரில் பெருமழை எத்தனை வருடத்துக்கு ஒரு முறை வருகிறது, கோடை எந்த அளவுக்கு ஏறுகிறது என்பதும் காலநிலையில் அடக்கம்.

காலநிலை மாற்றம் நமக்குத் தட்டுப்படுவதும் முதலில் இங்கேதான். காற்றில் ஒரு டிகிரி வெப்பம் கூடினால், அது சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். மேகம் உடையும்போது அவ்வளவும் சேர்ந்து இறங்கும். சராசரி பெரிதாக மாறாமலேயே, மழை நாட்கள் குறைந்து, பெய்கிற நாளில் கொட்டித் தீர்ப்பது கூடலாம். ஆனால் காயல்பட்டினத்து மழை ஒன்றை மட்டும் காட்டி, காலநிலை மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. மார்கழியில் நாலு நாள் கடும் பனி விழுந்ததைக் காட்டி, பூமி சூடாகவில்லை என்றும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட நாட்கள் பத்தாண்டுக்குப் பத்தாண்டு கூடுகின்றனவா என்று எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை 'வரலாறு காணாத மழை' என்று யாராவது சொன்னால், அந்த ஊரில் எத்தனை ஆண்டுப் பதிவு இருக்கிறது என்று கேளுங்கள். 2015 நவம்பரில் சென்னையில் நூறு சென்டிமீட்டருக்கு மேல் பெய்தபோதும் பலர் அப்படித்தான் சொன்னார்கள். பழைய பதிவேட்டில் 1918 நவம்பர் அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.