தலைப்பு வரியில் ஐந்து எழுத்து

மாதக் கடைசியில் பில் எழுத உட்காரும் தனித் தொழில்காரர் பலருக்கும் ஒரே சங்கடம்தான். வேலை செய்தது தெரியும், எவ்வளவு நேரம் செய்தோம் என்பது தெரியாது. உத்தேசமாக ஒரு தொகை போட்டு அனுப்பினால், “தம்பி, அந்த மாத்தம் ரெண்டு நிமிஷ வேலைதானே, அதுக்கு எதுக்கு ஆயிரத்து இருநூறு?” என்று போன் வரும். பதில் சொல்ல வேண்டுமானால் அந்த மாற்றத்தைக் கேட்டு வந்த மெயிலைக் காட்ட வேண்டும். அது இன்பாக்ஸில் ஆயிரக்கணக்கான மெயில்களுக்கு நடுவே எங்கேயோ கிடக்கும்.

கோவையில் வீட்டிலிருந்தபடியே இணையதளம் வடிவமைத்துக் கொடுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் அவருடைய கிளையன்ட். அவர்களுக்கு இரண்டு வேலைகள் ஓடுகின்றன. ஒன்று இணையதளம், மொத்தத் தொகை பேசி முடித்தது. இன்னொன்று வெளிநாட்டு வியாபாரிகளுக்கு அனுப்பும் கேட்லாக், மணிக்கு 800 ரூபாய். இரண்டுக்கும் மெயில் அனுப்புவது அதே மேலாளர், அதே முகவரியிலிருந்து. இந்த இரண்டையும் பிரிப்பதுதான் நம் கணக்கு.

ஜிமெயில் வைத்திருக்கும் எல்லோருக்கும் லேபிள் என்ற வசதி இருக்கிறது. கணினியில் இருக்கும் ஃபோல்டர் போல அல்ல இது. ஃபோல்டரில் ஒரு கோப்பு ஓரிடத்தில்தான் இருக்க முடியும். லேபிளோ ஒரே மெயில் மீது இரண்டு, மூன்று என்று ஒட்டலாம். ஆகவே கிளையன்ட் பெயரில் ஒன்று, வேலையின் பெயரில் ஒன்று என இரண்டையும் அதே மெயிலுக்குக் கொடுப்பதில் சிக்கலே இல்லை.

கிளையன்ட் லேபிளை ஜிமெயிலே தானாக ஒட்டும்படி செய்துவிடலாம். அதற்கு ஃபில்டர் போட வேண்டும். இதைக் கைபேசிச் செயலியில் செய்ய முடியாது, கணினியில் பிரவுசரில்தான் முடியும். தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள குறியை அழுத்தி, From என்ற இடத்தில் அந்த நிறுவனத்தின் முகவரியைக் கொடுங்கள். @ குறிக்குப் பின்னால் வருவதை மட்டும் கொடுத்தால் மேலாளர், கணக்காளர், முதலாளி என அங்கிருந்து யார் எழுதினாலும் பிடித்துவிடும். பிறகு Create filter, அதற்குள் Apply the label. கீழே Also apply filter to matching conversations என்று ஒரு கட்டம் இருக்கும். அதையும் டிக் செய்யாவிட்டால் இனி வரும் மெயிலுக்கு மட்டுமே லேபிள் விழும், பழையவை அப்படியே கிடக்கும்.

இதுவரை சுலபம். வேலை வாரியாகப் பிரிக்கும்போதுதான் முகவரி கைவிடுகிறது, ஏனென்றால் இரண்டு வேலைக்கும் எழுதுபவர் ஒருவரே. இங்கேதான் சப்ஜெக்ட் வரி கை கொடுக்கிறது. இணையதளத்துக்கு TPR01, கேட்லாகுக்கு TPR02 என்று ஒரு குறியீடு வைத்துக்கொண்டு, அந்த வேலை பற்றிய ஒவ்வொரு மெயிலின் சப்ஜெக்டிலும் அதைச் சேர்க்க வேண்டும். “TPR02 – குளிர்காலப் பக்கங்கள்” என்று நீங்கள் ஒருமுறை எழுதிவிட்டால் போதும். அவர்கள் Reply அழுத்தும்போதெல்லாம் அது கூடவே போய்க் கூடவே திரும்பும். ஃபில்டரில் Subject என்ற இடத்தில் TPR02 கொடுத்து, அதற்குரிய லேபிளை ஒட்டச் சொல்லிவிடலாம்.

குறியீட்டை எப்படி வைப்பது என்பதில் கொஞ்சம் கவனம் தேவை. ஜிமெயில் தேடல் முழுச் சொல்லைத்தான் பார்க்கும். TPR என்று மட்டும் தேடினால் TPR02 கிடைக்காது. சதுர அடைப்புக்குறி போன்ற குறிகளை அது கண்டுகொள்வதில்லை, எனவே அலங்காரத்தால் பயன் எதுவும் இல்லை. எழுத்தும் எண்ணும் இடைவெளி இல்லாமல் ஒட்டி, வேறு எங்கும் தற்செயலாக வராத ஒன்றாக இருந்தால் போதும். இன்னொன்று, இந்த வரியைக் கிளையன்டும் படிப்பார். மனதுக்குள் அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் அதில் வேண்டாம்.

லேபிள் இருக்கும்போது குறியீடு எதற்கு என்று தோன்றலாம். லேபிள் உங்கள் அஞ்சல் பெட்டிக்குள் மட்டும் வாழ்வது. உங்கள் உதவியாளரின் கணக்கில் அது தெரியாது, கிளையன்டுக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஜிமெயில் உரையாடலை ஒரே கொத்தாகக் காட்டினாலும் லேபிள் ஒட்டப்படுவது தனித்தனி மெயில் மீதுதான். ஃபில்டர் வேலை செய்வதோ உள்ளே வரும் மெயிலுக்கு. நீங்கள் அனுப்பிய பதிலை அது தொடுவதில்லை. திரையில் பார்த்தால் உரையாடல் முழுவதற்கும் லேபிள் இருப்பது போலத் தெரியும். ஆனால் “இந்த லேபிளில் நான் அனுப்பியவை” என்று தேடினால் பாதி காணாமல் போகும். பில்லுக்கு வேண்டியதோ நீங்கள் அனுப்பியவைதான், வேலையை முடித்து அனுப்பிய நாள் அவற்றில்தான் இருக்கிறது. சப்ஜெக்டில் இருக்கும் குறியீட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வந்ததும் போனதும் இரண்டிலும் அது இருக்கும். அதனால் என் கருத்து இது: அன்றாடம் கண்ணால் பார்த்துப் பிரிக்க லேபிள், பில்லுக்குத் தேடக் குறியீடு.

ஏப்ரல் மாத கேட்லாக் வேலையைத் தேடுவதாக இருந்தால் இப்படி:

```
subject:TPR02 after:2025/04/01 before:2025/05/01
```

before என்பதில் கொடுக்கும் நாள் கணக்கில் சேராது, அதனால்தான் மே 1. நம் வடிவமைப்பாளர் இப்படித் தேடும்போது வந்ததும் போனதுமாக முப்பது மெயில்கள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கு மேல் “சரி”, “பார்த்துச் சொல்கிறேன்” வகை. அவற்றைத் தள்ளினால் ஐந்து வேலைகள் நிற்கின்றன. 3ஆம் தேதி படங்களை மாற்றியது 50 நிமிடம், 8ஆம் தேதி முகப்புப் பக்கம் ஒன்றரை மணி, 15ஆம் தேதி விலைப்பட்டியல் திருத்தம் 25 நிமிடம், 22ஆம் தேதி குளிர்காலப் பக்கங்கள் இரண்டே முக்கால் மணி, 28ஆம் தேதி அச்சுக்கான கோப்பு ஒரு மணி. கூட்டினால் ஆறரை மணி நேரம், 5,200 ரூபாய். மனக்கணக்கில் போட்டிருந்தால் 8ஆம் தேதியும் 22ஆம் தேதியும்தான் நினைவில் நின்றிருக்கும். பெரிய வேலை மறக்காது. அரைமணி, முக்கால்மணி வேலைகள்தான் பில்லில் ஏறாமல் போகின்றன.

ஆனால் அந்த நிமிடங்கள் எங்கிருந்து வந்தன? மெயிலில் இருந்து அல்ல. ஒரு மெயில் எந்த நேரத்தில் வந்தது, போனது என்பதை மட்டுமே அது சொல்லும். நடுவில் எத்தனை நேரம் உழைத்தீர்கள் என்று சொல்லாது. காலை பத்துக்கு வந்த கோரிக்கைக்கு மாலை நான்குக்குப் பதில் போனால் ஆறு மணி நேரம் என்று யாரும் பில் போட முடியாது. எனவே வேலை முடித்த அன்றே ஒரு வரி குறித்துவைக்க வேண்டும். நோட்டுப் புத்தகமானாலும் எக்செல் ஆனாலும் சரி, தேதி, குறியீடு, நிமிடம், எதற்காக என்ற நான்கும் போதும். மாதக் கடைசியில் மெயில் செய்யும் வேலை இரண்டு. குறிக்க மறந்த நாளைக் காட்டிக்கொடுப்பது ஒன்று. குறித்த ஒவ்வொன்றுக்கும் கேட்டவர் யார், கேட்டது எப்போது என்ற ஆதாரமாக நிற்பது இன்னொன்று. பில்லில் “உங்கள் 7ஆம் தேதி மெயிலின்படி முகப்புப் பக்கம் மாற்றியது, ஒன்றரை மணி” என்று எழுதிவிட்டால் ரெண்டு நிமிஷ வேலை என்ற பேச்சு எழுவது குறையும்.

சின்னப் பதில்களை எப்படிக் கணக்கிடுவது என்பது தனி வழக்கு. அமெரிக்க வழக்கறிஞர்கள் ஒரு மணியைப் பத்தாகப் பிரித்து ஆறு நிமிடத்துக்கு ஒரு அலகு என்று பில் போடுவது வழக்கம். நம் ஊரில் அப்படிப் போட்டால் உறவு முறியும். ஒரு நாளில் ஒரே வேலைக்காக எழுதிய சிறு பதில்களை எல்லாம் சேர்த்துக் கால் மணிக்கு முழுமையாக்குவது இரண்டு தரப்புக்கும் பொருந்தும். ஆரம்பத்திலேயே அதை எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஒழுங்கைக் குலைப்பவர் பெரும்பாலும் கிளையன்ட்தான், வேண்டுமென்றே அல்ல. கேட்லாக் பற்றிப் புதிதாக ஏதோ கேட்க வேண்டும், பழைய இணையதள மெயில் ஒன்று கண்ணில் படும், அதற்கே Reply அழுத்தி எழுதிவிடுவார். TPR01 உரையாடலுக்குள் TPR02 வேலை புகுந்துவிடும். அப்போது நீங்கள் பதில் எழுதும்போதே சப்ஜெக்டை மாற்றிவிடுங்கள். பதில் பெட்டியில் மேலே உள்ள சின்ன அம்புக்குறியை அழுத்தினால் Edit subject என்று வரும். சப்ஜெக்ட் மாறினால் ஜிமெயில் அதைப் புதிய உரையாடலாகப் பிரித்துவிடும். சப்ஜெக்டே இல்லாமல் வரும் மெயிலுக்கும் இதே மருந்து.

போனிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கும் பேச்சு இன்னொரு ஓட்டை. நம் ஊரில் பாதி முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படுகின்றன. பேசி முடித்ததும், “TPR02 – இன்று போனில் பேசியபடி மூன்று பக்கங்கள் கூடுதலாகச் செய்கிறேன்” என்று இரண்டு வரி மெயில் போட்டுவிட்டால் அதுவும் தேடலில் விழும். கிளையன்ட் மறுக்கவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில மெயில்கள் தப்பும். வாரம் ஒருமுறை இதைத் தேடிப் பாருங்கள்:

```
has:nouserlabels newer_than:7d
```

ஒரு வாரத்தில் எந்த லேபிளும் ஒட்டாத மெயில்களை இது வரிசையாகக் காட்டும். நீங்கள் அனுப்பியவையும் இதில் வரும். வங்கி விளம்பரங்களும் வரும், அவற்றை விட்டுவிடலாம். கிளையன்டின் சொந்த முகவரியிலிருந்து வந்தது, அவருடைய அச்சகத்தார் நேரடியாக எழுதியது போன்றவைதான் இங்கே மாட்டும். அவற்றுக்குக் கையால் லேபிள் ஒட்டி, பதிலில் குறியீட்டைச் சேர்க்க வேண்டும்.

அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு லேபிள் இருக்கும் இடத்தில் வண்ண Categories இருக்கிறது, ஃபில்டருக்குப் பதில் Rules. குறியீட்டு முறை அங்கும் மாறாது.

லேபிள்களைப் பெருக்கிக்கொண்டே போகும் ஆசை வரும். அவசரம், பார்க்க வேண்டியது, யோசிக்க வேண்டியது என்று ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் எதை எதற்கு ஒட்டினோம் என்பதே புரியாது. கிளையன்டுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டுமானால் “பில் போட்டாச்சு” என்று ஒன்று, போதும். வேலை முழுதும் முடிந்ததும் லேபிளை நீக்கினாலும் மெயில்கள் அழியாது, ஒட்டியிருந்த பெயர் மட்டுமே போகும். நீக்குவதற்கு முன் கூகுள் டேக்அவுட் வழியாக அந்த ஒரு லேபிளில் இருப்பதை மட்டும் தனிக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். நீங்கள் அனுப்பிய பதில்களுக்கும் லேபிள் ஒட்டிய பிறகே இறக்குங்கள். இல்லாவிட்டால் அந்தக் கோப்பில் கேள்விகள் இருக்கும், உங்கள் பதில்கள் இருக்காது.