பந்து யார் கையில்?

ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் ஒரு நாவலைக் கொண்டுவந்துவிடத் துடிக்கும் சிறு பதிப்பகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பொறுப்பாசிரியரின் வேலைப் பட்டியலில் 'அட்டை', 'மெய்ப்பு', 'அச்சக ரேட்' என்று மூன்று வரிகள். தினமும் காலையில் அவற்றைப் பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார், மூடிவைக்கிறார். அட்டை ஓவியரிடம் இருக்கிறது, மெய்ப்பு எழுத்தாளரிடம் இருக்கிறது, அச்சகம் இன்னும் விலை சொல்லவில்லை. மூன்றிலும் அவர் இன்று செய்யக்கூடியது எதுவும் இல்லை.

அமெரிக்கரான டேவிட் ஆலன் 2001-ல் வெளியிட்ட 'கெட்டிங் திங்ஸ் டன்' நூலில், பிறரிடமிருந்து வர வேண்டியவற்றுக்குத் தனிப் பட்டியல் வைக்கச் சொல்கிறார். நம் வேலைகளோடு அவற்றைக் கலக்கக் கூடாது.

'அச்சக ரேட்' என்ற வரி அந்தப் பட்டியலுக்குப் போகும்போது இப்படி மாற வேண்டும்: 'அச்சக மேலாளர் – 208 பக்கம், 500 பிரதிக்கு விலை – வாட்ஸ்அப்பில் கேட்டது டிசம்பர் 3 – மறுபடி பார்க்க டிசம்பர் 6.' யாரிடம், என்ன, எப்போது கேட்டது, எப்போது விசாரிப்பது என்ற நான்கும் இருக்கின்றன. ஆள் பெயர் இல்லாத வரி யாரையும் விசாரிக்க உதவாது.

6-ம் தேதி வரை அந்த வரியை அவர் மறந்துவிடலாம். அன்றும் பதில் இல்லையென்றால், 'மேலாளருக்கு போன் செய்' என்று அவருடைய சொந்த வேலை ஒன்று புதிதாகப் பிறக்கிறது. போன் செய்கிறார். "பேப்பர் விலை விசாரிச்சுட்டு சொல்றேன் சார்" என்கிறார் மேலாளர்.

பலரும் சறுக்குவது இங்கேதான். பேசியாயிற்று என்ற நிம்மதியில் வரியை அடித்துவிடுகிறார்கள். கேட்டது விலை, வந்தது வாக்குறுதி. வாட்ஸ்அப்பின் நீல டிக்கும் இதே ரகம்தான்: படித்தார் என்பதற்குச் சாட்சி, பதில் சொன்னார் என்பதற்கு இல்லை. ஆகவே வரி அப்படியே இருக்கும், விசாரிக்கும் தேதி மட்டும் 9 ஆகும். 'கேட்டது டிசம்பர் 3' என்பதை அழிக்கவே கூடாது. 9-ம் தேதியும் விலை வராவிட்டால், ஆறு நாள் போய்விட்டது என்பது கண்ணெதிரே தெரியும். வேறு அச்சகத்தைக் கேட்கலாமா என்று அப்போதே முடிவெடுக்கலாம். இந்தத் தேதி இல்லாவிட்டால் ஒவ்வொரு விசாரிப்பும் முதல் விசாரிப்பு போலவே தோன்றும்.

பட்டியலில் எழுதாமல் விட்டவற்றைப் பிடிக்க, ஜிமெயில் தேடல் பெட்டியில் இதை இடலாம்:

```
in:sent older_than:7d newer_than:30d
```

ஒரு வாரத்துக்கு முன், ஆனால் ஒரு மாதத்துக்குள் அனுப்பிய கடிதங்கள் வரும். பதில் வந்தவையும் அவற்றோடு கலந்தே வரும் என்பதால் கண்ணால்தான் பிரிக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மாலை போல, இதைச் செய்தால் போதும். போனில் வாய்மொழியாகக் கேட்டவை எந்தத் தேடலிலும் சிக்காது. போனை வைத்த கையோடு எழுதிக்கொள்ள வேண்டியவை அவைதான்.